சட்டம் படித்தவர்களுக்கு வேலை: சீனியர் அலுவலகம் முதல் நீதிபதித் தேர்வு வரை, எதை எந்த வரிசையில் செய்வது

சட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: சீனியரிடம் சேர்வதா, லா ஃபர்முக்குப் போவதா, நீதிபதித் தேர்வுக்குப் படிப்பதா, கம்பெனி வேலை தேடுவதா? நான்கில் ஒன்றை இன்றே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேர்வை விட வரிசைதான் முக்கியம். சிலவற்றை முதலில் செய்தால் மற்றவை கைவசம் இருக்கும். மாற்றிச் செய்தால் சில வாய்ப்புகள் வருடக்கணக்கில் தள்ளிப்போகும். கீழே உள்ளது தமிழ்நாட்டில் பட்டம் பெற்று இங்கேயே தொழில் தொடங்குகிறவர்களுக்கானது.

## 1. முதலில் பார் கவுன்சில் பதிவு, மற்றதெல்லாம் பிறகு

தேர்வு முடிவு வந்து தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள். எந்த வேலை வேண்டும் என்று முடிவாகாதவர்களும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். காரணம் ஒன்றுதான்: உங்கள் அனுபவக் கணக்கு பதிவுத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, உரிமையியல் நீதிபதி பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்து எண்ணப்படும், அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து அல்ல. இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே கல்லூரியில் படித்த இருவருக்கு 2025 ஜூலையில் முடிவு வருகிறது. ஒருவர் செப்டம்பரில் பதிவு செய்கிறார். மற்றவர் "முதலில் கோச்சிங், அப்புறம் பார்க்கலாம்" என்று 2026 மார்ச்சில் பதிவு செய்கிறார். 2028 நவம்பரைக் கடைசித் தேதியாகக் கொண்டு ஓர் அறிவிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் மூன்று ஆண்டைத் தாண்டிவிட்டார். இரண்டாமவருக்கு நான்கு மாதம் குறைகிறது. நான்கு மாதம்தானே என்று விட முடியாது. தமிழ்நாட்டில் இந்தத் தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. அடுத்த அறிவிக்கை வருவதற்குள் வயது வரம்பே சிலருக்குச் சிக்கலாகிவிடும்.

பதிவுக்கு முன் கையில் வைத்திருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு முதல் சட்டப் படிப்பு வரையிலான மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், தேவைப்படுவோருக்குச் சாதிச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள். இவற்றில் பெயர் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பதிவு தாமதமாவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தில்தான். உங்கள் மீது குற்ற வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் அதை மறைக்கவே கூடாது. பின்னால் தெரியவந்தால் வழக்கை விட மறைத்ததுதான் பெரிய பிரச்சினையாகும்.

கட்டணம் பற்றி: பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை தனி. "மொத்தமாக இவ்வளவு கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இடையில் யாராவது வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

பதிவு ஆனதும் பார் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். நூறு கேள்விகள், பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு. குறிப்பு எழுதாத வெறும் சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். அதனால் மனப்பாடத்தை விட, எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்ற பழக்கம்தான் உதவும். 2024 ஜூலை 1க்குப் பிறகு குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதியவை. அண்ணன் கொடுத்த பழைய புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள்.

## 2. முதல் இடத்தை உங்கள் அடுத்த இடத்தை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

எந்தச் சீனியர் நல்லவர் என்று கேட்பதற்கு முன், எந்த நீதிமன்றம் என்று கேளுங்கள்.

நீதிபதித் தேர்வு மனதில் இருந்தால் விசாரணை நீதிமன்றம்தான் சரியான இடம். அதாவது மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், குற்றவியல் நடுவர் நீதிமன்றம். முதன்மைத் தேர்வில் எழுவினா வனைவதும் தீர்ப்பு எழுதுவதும் கேட்கிறார்கள். சாட்சிக் கூண்டில் ஒருவர் எப்படிச் சொல்கிறார், அது எப்படிப் பதிவாகிறது, எந்த ஆவணத்துக்கு எப்போது ஆட்சேபம் வருகிறது என்பதைப் பார்க்காதவருக்கு அந்தத் தாள் வெறும் கட்டுரையாகிவிடும்.

ஃபர்ம் அல்லது கம்பெனி மனதில் இருந்தால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட், கம்பெனி, நடுவர் தீர்ப்பாய வழக்குகள் நடத்தும் அலுவலகம் உதவும். அங்கே எழுத்து வேலை அதிகம். குறைந்த பக்கத்தில் தெளிவாக எழுதப் பழகுவீர்கள்.

இரண்டும் வேண்டும் என்று நினைத்தால் முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பதுதான் என் கருத்து. விசாரணை தெரிந்தவர் பின்னால் உயர் நீதிமன்றத்துக்கு மாறுவது எளிது. உயர் நீதிமன்றத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டுக் குறுக்கு விசாரணை செய்யப் போகிறவர் கொஞ்சம் தடுமாறுவார்.

## 3. சீனியரைத் தேடும் முறை

பெரும்பாலானவர்கள் தெரிந்த மாமா சொன்ன இடத்துக்கோ ஊரிலேயே பெரிய பெயருக்கோ போகிறார்கள். பெரிய பெயர் என்றால் அங்கே ஏற்கெனவே பன்னிரண்டு ஜூனியர்கள் இருப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் வருடம் முழுக்க வாய்தா வாங்குகிற வேலைதான் கிடைக்கும்.

இதற்கு மாறாக இப்படிச் செய்து பாருங்கள். services.ecourts.gov.in தளத்தில் உங்கள் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்தெடுத்து, Case Status பகுதியில் Advocate என்பதைத் திறந்து, நீங்கள் கேள்விப்பட்ட வழக்கறிஞரின் பெயரை இடுங்கள். Pending வழக்குகள் வரிசையாக வரும். பத்துப் பதினைந்து வழக்குகளைத் திறந்து, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, கடந்த சில வாய்தாக்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம் என்று நகர்ந்துகொண்டிருந்தால் அது வேலை நடக்கும் அலுவலகம். அழைப்பாணை, எதிர்வழக்குரை தாக்கல் என்ற கட்டத்திலேயே எல்லாம் இரண்டு வருடமாக நின்றால் அங்கே கற்பதற்குக் குறைவாகத்தான் இருக்கும். ஒரே பெயரைப் பலவிதமாக எழுத்துக்கூட்டிப் பதிந்திருப்பார்கள், அதனால் தலைப்பெழுத்தை மாற்றியும் தேடுங்கள்.

அடுத்து, ஒரு வாரம் அந்த நீதிமன்ற அறையில் போய் உட்காருங்கள். சீனியர் எப்படிப் பேசுகிறார் என்பதை விட அவருடைய ஜூனியர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். மூன்று வருட ஜூனியர் ஒருவர் சாட்சியை விசாரிக்கிறார் என்றால், சில வருடத்தில் உங்களுக்கும் அந்த வாய்ப்பு வரும். ஜூனியர்கள் எல்லாரும் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றால், நீங்களும் அப்படித்தான் நிற்பீர்கள். குமாஸ்தாக்களிடமும் பேசிப் பாருங்கள். எந்த அலுவலகத்தில் ஜூனியர்கள் எட்டு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

நேரில் கேட்கப் போகும்போது மாலை நேரத்தில், அலுவலகத்துக்குப் போங்கள். நீதிமன்ற வராண்டாவில் மறித்துக் கேட்க வேண்டாம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"சார், போன வாரம் முழுக்க முன்சீப் கோர்ட்டில் உங்கள் வழக்குகளைப் பார்த்தேன். சிவில் விசாரணை கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று வருடமாவது இருக்கலாம் என்று நினைக்கிறேன்."

"ஜட்ஜ் எக்ஸாம் எழுதுவீங்களா தம்பி?"

"எழுதுவேன் சார். தேர்வுக்கு முன்னால் மட்டும் லீவு கேட்பேன். முன்கூட்டியே சொல்லிவிடுவேன்."

தேர்வு எழுதும் எண்ணத்தை மறைக்காதீர்கள். மறைத்துவிட்டுத் திடீரென்று இரண்டு மாதம் காணாமல் போகிறவர்களால்தான் பல சீனியர்கள் ஜூனியரே வேண்டாம் என்கிறார்கள்.

பணத்தையும் அன்றே கேட்டுவிடுங்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே அளவில் பரிந்துரை செய்தது. ஆனால் தாலுகா நீதிமன்றங்களில் இது இன்னும் தூரத்து விஷயம். பல அலுவலகங்களில் போக்குவரத்துச் செலவும் அவ்வப்போது கையில் கொடுப்பதும்தான். தொகை குறைவாக இருந்தாலும், எவ்வளவு, மாதத்தின் எந்தத் தேதியில், சொந்த வழக்கு எடுக்கலாமா என்ற மூன்றையும் தெளிவாகப் பேசிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

## 4. சேர்ந்த முதல் நாளிலிருந்து ஆதாரம் சேருங்கள்

மூன்று வருடம் ஒரு அலுவலகத்தில் இருந்தேன் என்று சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். அதே 2025 தீர்ப்பின்படி, அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் அனுபவச் சான்று தரலாம். அல்லது குறைந்தது பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அதில் முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த நீதிமன்றம் நியமிக்கும் அலுவலர் மேலொப்பமிடுவார். உங்களை ஒரு நாளும் பார்க்காத நீதிபதி எதை வைத்துக் கையெழுத்திடுவார்? இதை நினைவில் வைத்து மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, வக்காலத்தில் உங்கள் பெயர். சீனியரின் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். பல அலுவலகங்களில் அச்சிட்டு வைத்த பழைய வக்காலத்துப் படிவத்தையே பயன்படுத்துவார்கள். புதிதாக வந்தவர் பெயர் அதில் இருக்காது, கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

இரண்டாவது, ஒரு நோட்டு. தேதி, நீதிமன்றம், வழக்கு எண், என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஐந்து பத்தி போட்டு அன்றன்றைக்கு எழுதுங்கள். வார இறுதியில் மொத்தமாக எழுதினால் பாதி மறந்துபோகும்.

மூன்றாவது, நீங்கள் ஆஜரானதாக உங்கள் பெயர் பதிவான உத்தரவுகளின் நகல். மாதம் ஒன்று கிடைத்தாலும் மூன்று வருடத்தில் நல்ல கட்டு சேரும்.

வேலை கற்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். எல்லாரும் குறுக்கு விசாரணைக்கு ஆசைப்படுகிறார்கள். ஆனால் முதலில் கற்க வேண்டியது, தாக்கல் செய்த வழக்குரை ஏன் திரும்பி வருகிறது என்பதுதான். அலுவலகத்தில் திரும்பி வரும் கட்டுகளை நீங்களே கேட்டு வாங்குங்கள். நீதிமன்றக் கட்டணம் குறைவு, வழக்கு மூலம் எழுந்த தேதி இல்லை, சொத்து விவரத்தில் நான்கெல்லை தவறு, ஆவணப் பட்டியலில் தேதி மாறியிருக்கிறது என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். நாற்பது ஐம்பது கட்டுகளைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்தவருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பாதி தானாகவே வந்துவிடும். அதன் பிறகு இடைக்கால மனுக்கள், நிரூபண வாக்குமூலம், ஆவணம் குறியிடுவது, அப்புறம்தான் குறுக்கு விசாரணை.

## 5. நீதிபதித் தேர்வு: அலுவலக வேலையிலேயே படியுங்கள்

தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதித் தேர்வை நடத்துவது டி.என்.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வு வடிகட்டுவதற்கு மட்டும். அடுத்து முதன்மைத் தேர்வு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. முதன்மைத் தேர்வில் சட்டத் தாள்களோடு ஒரு மொழிபெயர்ப்புத் தாளும் உண்டு. வயது, தகுதி, பாடத்திட்டம் மூன்றுக்கும் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை மட்டுமே நம்புங்கள்.

பலர் சறுக்குவது தீர்ப்பு எழுதுவதில்தான். வழக்கின் கதையை மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் "ஆகவே வழக்கு அனுமதிக்கப்படுகிறது" என்று முடிப்பார்கள். ஒவ்வோர் எழுவினாவுக்கும் தனித்தனியாகக் காரணத்தோடு முடிவு சொல்ல வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 20, விதி 5. திருத்துகிறவரும் அதைத்தான் தேடுவார்.

எந்த முன்சீப் கோர்ட்டிலும் பார்க்கக்கூடிய ஒரு புரோநோட்டு வழக்கை எடுத்துக்கொள்வோம். வாதி சொல்வது: 10.4.2022 அன்று பிரதிவாதி 4 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, கேட்கும்போது தருவதாகக் கடன் உறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். 5.2.2025 அன்று 5,000 ரூபாய் செலுத்திச் சீட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையெழுத்திட்டார். வழக்கு தாக்கலான தேதி 20.6.2025. பிரதிவாதி சொல்வது: சீட்டில் உள்ள கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் அது சீட்டுக் கம்பெனிக்காக வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்தது, பணம் வாங்கவில்லை. பின்புற வரவுக் கையெழுத்து பொய்.

புதியவர்கள் இதில் "வாதி பணம் பெற உரிமை உள்ளவரா" என்று ஒரே எழுவினா போடுவார்கள். அது போதாது. கட்சிகள் எதில் முரண்படுகிறார்களோ அதுதான் எழுவினா. இங்கே மூன்று முரண்பாடுகள் இருக்கின்றன: சீட்டு பிரதிவாதியால் கடனுக்காக எழுதிக் கொடுக்கப்பட்டதா? 5.2.2025 தேதியிட்ட வரவுக் குறிப்பு உண்மையானதா, அதனால் வழக்கு காலவரம்புக்குள் இருக்கிறதா? வாதிக்கு என்ன பரிகாரம்?

இப்போது ஒவ்வொன்றிலும் நிரூபிக்கும் பொறுப்பு யார் மேல் என்று பாருங்கள். முதல் எழுவினாவில் பிரதிவாதி கையெழுத்தை ஒப்புக்கொள்கிறார், ஆனால் வெற்றுத்தாளில் போட்டது என்கிறார். சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதை வாதி சாட்சியத்தால் காட்டிவிட்டால், பிரதிபலன் கைமாறியது என்ற அனுமானம் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 118இன்படி அவருக்குக் கிடைக்கிறது. அதை உடைக்க வேண்டியது பிரதிவாதி. சீட்டுக் கம்பெனிக் கதைக்கு அவர் ஏதாவது ரசீதோ சாட்சியோ கொடுத்தாரா என்பதே கேள்வி.

இரண்டாவதுதான் வழக்கின் உயிர். கேட்டவுடன் தர வேண்டிய சீட்டுக்கு அதன் தேதியிலிருந்து மூன்று ஆண்டு. அது 10.4.2025இல் முடிந்துவிட்டது. வழக்கு ஜூனில் வந்திருக்கிறது. வரவுக் குறிப்பு உண்மை என்றால், காலவரம்புச் சட்டம் பிரிவு 19இன்படி 5.2.2025இலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். பொய் என்றால், முதல் எழுவினாவில் வாதி ஜெயித்தாலும் வழக்கு தள்ளுபடி. இந்த வரவுக் குறிப்பு விஷயத்தில் பிரிவு 118 உதவாது. அந்தக் கையெழுத்தை நிரூபிக்க வேண்டியது வாதிதான். இந்த வேறுபாட்டை எழுதுகிற விடைத்தாள் உடனே தனித்துத் தெரியும்.

மூன்றாவதில் தொகை, வட்டி, செலவுத்தொகை. இது வணிகப் பரிவர்த்தனை அல்லாத கடன் என்றால் தீர்ப்பாணைக்குப் பிறகான வட்டி ஆண்டுக்கு 6 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பிரிவு 34 சொல்கிறது. சீட்டில் 24 விழுக்காடு என்று இருக்கிறதே என்று அதையே கடைசி வரை போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. முடிவில் இருதரப்புச் சாட்சிகள், சான்றாவணங்களின் பட்டியலையும் விடாதீர்கள்.

வாரம் ஒரு வழக்கு இப்படி எழுதுங்கள். அலுவலகத்தில் முடிந்துபோன கட்டுகளை எடுத்து, தீர்ப்பைப் பார்க்காமல், வழக்குரை, எதிர்வழக்குரை, சாட்சியம் மூன்றையும் மட்டும் படித்து நீங்களே தீர்ப்பு எழுதி, பிறகு நீதிபதி எழுதியதோடு ஒப்பிடுங்கள். கோச்சிங் மையத்தில் கிடைக்காத பாடம் இது. மொழிபெயர்ப்புத் தாளுக்கும் அதே கட்டுதான் புத்தகம். தமிழில் உள்ள சாட்சியத்தை ஆங்கிலத்துக்கும், ஆங்கில உத்தரவைத் தமிழுக்கும் நாளுக்கு ஒரு பக்கம் மாற்றிப் பாருங்கள். ஆங்கில வழிக் கல்லூரியில் படித்தவர்கள் இந்தத் தாளைச் சாதாரணமாக நினைத்துவிட்டுப் பிறகு தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## 6. ஃபர்ம்: விண்ணப்பத்தை விட எழுத்து மாதிரி

லா ஃபர்ம்களில் பெரும்பாலான புது இடங்கள் படிக்கும் காலத்துப் பயிற்சியின் வழியாகவே நிரம்புகின்றன. படிப்பு முடிந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் பயிற்சியாகச் சேர்ந்து பார்க்கச் சொல்லி, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வதும் உண்டு. நூறு ஃபர்ம்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதில் பயனில்லை. வழக்கு நடத்தும் பிரிவில் சேர விரும்பினால், அந்தப் பிரிவின் பங்குதாரர் அண்மையில் நடத்திய ஒரு வழக்கின் உத்தரவைப் படித்துவிட்டு அவருக்கே எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும்: யார், எங்கே என்ன வேலை செய்கிறீர்கள், ஏன் அந்தப் பிரிவு, எப்போது சேர முடியும்.

கூடவே இரண்டு பக்கத்தில் ஓர் எழுத்து மாதிரி இணையுங்கள். கல்லூரி ஆராய்ச்சிக் கட்டுரை வேண்டாம். ஒரு கட்சிக்காரர் பிரச்சினை, அதற்கான சட்டம், உங்கள் முடிவு, அதில் உள்ள ஆபத்து என்று எழுதிய குறிப்பு வேண்டும். உண்மையான கட்சிக்காரர்களின் பெயரும் அடையாளமும் அதில் இருக்கக் கூடாது. இருந்தால் உங்களை நிராகரிக்க அது ஒன்றே போதும்.

வேலை கிடைத்தால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா? பல ஃபர்ம்களில் மாதத் தொகையைக் கட்டணமாகக் கொடுத்து 10 விழுக்காடு வரி பிடிப்பார்கள், பி.எஃப். இருக்காது. வழக்கு நடத்தாத ஒப்பந்தப் பிரிவு என்றால், வக்காலத்தில் உங்கள் பெயரே வராது. பின்னால் நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்கள் அந்த வருடங்களுக்கு அனுபவச் சான்று வாங்குவது கஷ்டம்.

## 7. கம்பெனி, வங்கி: சேருவதற்கு முன் விதி 49

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதிப்படி, தொழில் செய்யும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது. கம்பெனியின் சட்டப் பிரிவில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் கம்பெனியில் இருக்கும் காலத்தை நீதிமன்ற அனுபவமாகக் காட்டலாம் என்று எண்ணிச் சேராதீர்கள். நீதிபதித் தேர்வு ஆசை இருக்கிறவர்கள் முதலில் மூன்று வருடத்தை முடித்துவிட்டுக் கம்பெனி பக்கம் போவதே நல்லது. சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு பதிவையும் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை வரும்.

கம்பெனி நேர்முகத்தில் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். நீதிமன்றத்திலிருந்து போகிறவர்கள் மொழிநடையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்ப்பது வேறு: இழப்பீட்டுப் பொறுப்பு ஒருபக்கமாக இருக்கிறதா, பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா, ஒப்பந்தத்தை எப்போது முடித்துக்கொள்ளலாம், தகராறு எந்த ஊரில் தீர்க்கப்படும். இந்த நான்கையும் கண்டுபிடித்து, ஏன் மாற்றினீர்கள் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

தமிழ்நாட்டில் புதியவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது நிதி நிறுவனங்களின் "லீகல் ஆஃபீசர்" வேலை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொத்து ஆவணங்களைப் பார்த்து உரிமைக் கருத்து எழுதுவது, காசோலை வழக்குகளையும் நடுவர் நடவடிக்கைகளையும் கவனிப்பது. மற்றது பெயரளவில் சட்டம், உண்மையில் கடன் வசூல். எப்படித் தெரிந்துகொள்வது? நேர்முகத்தில் பைக் இருக்கிறதா என்று முதலில் கேட்டாலோ, மாத இலக்கும் ஊக்கத்தொகையும் வசூலான தொகையை வைத்து என்றாலோ அது இரண்டாவது வகை. அதில் சட்டம் கற்க அதிகம் இருக்காது.

பொதுத்துறை வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் சிறப்பு அலுவலர் தேர்வில் சட்ட அலுவலர் பிரிவு உண்டு. சட்டப் பட்டத்தோடு பார் கவுன்சில் பதிவும் கேட்பார்கள். முதல் படியில் சொன்ன பதிவு இங்கேயும் வந்து நிற்கிறது. சில பொதுத்துறை நிறுவனங்கள் முதுநிலை கிளாட் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சட்ட அலுவலர்களை எடுக்கின்றன. அதனால் எல்.எல்.எம். படிக்கும் எண்ணம் இல்லாதவர்களும் அந்தத் தேர்வை எழுதிவைக்கலாம்.

## 8. இடையில் வருமானம் தரும் இரண்டு இடங்கள்

சீனியர் அலுவலகத்து வருமானம் போதாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டத்தில் உதவி நிலைப் பணிக்கு மூன்று வருடத்துக்குள் குற்றவியல் அனுபவமுள்ளவர்களையே எடுக்கிறார்கள். மாதந்தோறும் மதிப்பூதியம் உண்டு. ரிமாண்ட், ஜாமீன் முதல் முழு விசாரணை வரை கையில் வரும். இதில் இருக்கும்போது தனியாக வழக்கு எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு சேருங்கள்.

இன்னொன்று நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி உதவியாளராக இருப்பது. உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இதற்கு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடும். இந்தக் காலம் மூன்று வருடக் கணக்கில் சேரும் என்று 2025 தீர்ப்பு சொல்வதால், நீதிபதித் தேர்வு எழுதுபவர்களுக்கு இழப்பில்லை. அரசு உதவி வழக்கறிஞர் பணிக்கு மட்டும் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு வேண்டும். அதைக் குறிவைப்பவர்கள் தொடக்கத்திலிருந்தே குற்றவியல் பக்கம் இருக்க வேண்டும்.

## 9. அலுவலகம் மாறுவதானால்

ஆறு மாதம் ஆகியும் ஒரு மனுகூட எழுதத் தரவில்லை, வக்காலத்தில் பெயர் இல்லை என்றால் ஒருமுறை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் கிளம்பலாம். வருடக்கணக்கில் காத்திருப்பதால் எதுவும் கூடுவதில்லை.

ஆனால் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். சின்ன நீதிமன்றங்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் கையில் உள்ள கட்டுகளுக்கு அடுத்த வாய்தா தேதி, பாக்கி வேலை என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள். அந்த அலுவலகத்துக் கட்சிக்காரர்களைப் பின்னால் அழைத்துப் பேச வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அங்கே தொழில் செய்தீர்கள் என்ற சான்றை, நீங்கள் ஆஜரான வழக்கு எண்களோடு, கிளம்பும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அறிவிக்கை வந்த பிறகு கேட்கப் போனால், சீனியர் ஊரில் இருக்க மாட்டார், அல்லது உங்களைச் சரியாக நினைவிருக்காது.